சிவராத்திரிக்கும் தை அமாவாசைக்கும் வானம் பார்க்கப் போகலாம்

தெற்குச் சிலுவை என்றொரு விண்மீன் கூட்டம் இருக்கிறது. திரிசங்கு என்றும் சொல்வார்கள். நான்கு பிரகாசமான விண்மீன்கள் சற்றே சாய்ந்த சிலுவைபோல நிற்கும். டெல்லியில் இருப்பவர் எவ்வளவு இருட்டான இடத்துக்குப் போனாலும் அதை முழுதாகப் பார்க்க முடியாது. அதன் அடிக்கால் விண்மீன் அங்கே தொடுவானத்துக்கு மேலே வருவதே இல்லை. லடாக்கின் ஹான்லே இந்தியாவிலேயே மிக இருண்ட வானம் உள்ள இடங்களில் ஒன்று. 2022-இல் அங்கே இருள் வானக் காப்பகமும் அறிவிக்கப்பட்டது. அங்கிருந்தும் தெற்குச் சிலுவை தெரியாது. வடக்கே போகப் போக தெற்கு வானம் தொடுவானத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது.

தமிழ்நாடு பூமத்திய ரேகைக்கு 8 முதல் 13 பாகை வடக்கே மட்டுமே இருக்கிறது. அதனால் வடக்கே துருவ நட்சத்திரத்தையும் தெற்கே திரிசங்குவையும் ஒரே இரவில், ஒரே இடத்தில் நின்று பார்க்க நமக்கு முடிகிறது. வேணு பாப்பு தன் புதிய வான ஆய்வகத்துக்கு ஜவ்வாது மலையில் உள்ள காவலூரைத் தேர்ந்தபோது, தெற்கு வானமும் எட்டும் இடமாக அது இருந்ததும் ஒரு காரணம். 1977-இல் யுரேனஸ் கோளின் வளையங்கள் வெளிப்பட்டபோது, அதைப் பதிவு செய்த நோக்ககங்களில் காவலூரும் ஒன்று.

இவ்வளவு வளமான வானம் இருந்தும், பார்க்கப் போகிறவர்கள் பலர் ஏமாந்து திரும்புகிறார்கள். தொடர் விடுமுறை வருகிறது, பெயர்பெற்ற மலைவாசஸ்தலம் ஒன்றில் அறை கிடைக்கிறது, புறப்பட்டுவிடுகிறார்கள். அங்கே போனால் முக்கால் நிலா எரிகிறது, அல்லது மேகம் மூடியிருக்கிறது, அல்லது விடுதியின் விளக்குகள் வானத்தை வெளுத்துவிடுகின்றன. பருவம், நிலா, இடம் மூன்றும் ஒத்துவந்தால்தான் இருண்ட வானம் கிடைக்கும். இவற்றை முடிவு செய்வதற்கு ஒரு வரிசையும் உண்டு. முதலில் பருவம், பிறகு நிலா, கடைசியில்தான் இடம்.

எந்த மாதம்?

நமக்கு இரண்டு பருவமழைகள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. அப்போது மேற்குத் தொடர்ச்சி மலை மழையில் நனைகிறது. கிழக்குச் சமவெளியில் மழை குறைவுதான், ஆனாலும் உயரத்தில் மேகங்கள் ஓடிக்கொண்டே இருக்கும். மழையில்லாத நாளை விண்மீன் பார்க்க ஏற்ற நாள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் பாதியளவு இந்த மூன்று மாதங்களில்தான் பெய்கிறது. தீபாவளி பெரும்பாலும் அமாவாசையை ஒட்டித்தான் வரும் என்றாலும், மழை மேகமும் பட்டாசுப் புகையும் சேர்ந்து அந்த வாரத்தைக் கெடுத்துவிடும்.

மார்கழி கடைசியில் மழை விலகும். ஆனால் நிலத்தில் ஈரம் மிச்சமிருப்பதால் விடியற்காலையில் பள்ளத்தாக்குகளில் மூடுபனி தேங்கும். போகிப் புகையும் சில நாட்கள் தாழ்ந்து கிடக்கும். தை நடுவுக்குப் பிறகு நிலம் காய்ந்து, காற்று வறண்டு, வானம் நீலம் கூடித் தெரியும். அங்கிருந்து மாசி முடியும் வரை, அதாவது ஜனவரி கடைசி முதல் மார்ச் நடுப்பகுதி வரை, தமிழ்நாட்டில் மேகமில்லாத இரவுகள் கிடைக்க வாய்ப்பு மிக அதிகம்.

பங்குனி பிறந்ததும் இன்னொரு தொல்லை தொடங்குகிறது. வெயில் ஏறி, புழுதியும் காட்டுத்தீப் புகையும் காற்றில் நிற்கும். மேகமே இல்லாத பகலில் வானம் நீலமாக இல்லாமல் வெளிறிப் பால்போலத் தெரிந்தால், இரவிலும் அந்தப் புழுதித் திரை அப்படியே இருக்கும் என்று புரிந்துகொள்ளலாம். சித்திரை, வைகாசியில் மலைகளின் மேல் மாலை இடிமேகம் திரளும். அந்த மாதங்களில் ஒரு நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் இரவு மட்டும் காற்று கழுவிவிட்டதுபோல் இருக்கும். ஆனால் அப்படி ஒரு நாளை முன்கூட்டியே திட்டமிட முடியாது. உள்ளூரில் இருப்பவருக்குத்தான் அது வாய்க்கும்.

அமாவாசைக்கு முன்பா, பின்பா?

நிலா முழுதாக இருக்கும் இரவில், எவ்வளவு தொலைவான காட்டுக்குப் போனாலும் பால்வீதி தெரியாது. அரை நிலா என்றால் வெளிச்சமும் பாதி என்று தோன்றும். உண்மையில் அது முழு நிலாவின் வெளிச்சத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். பௌர்ணமியன்று சூரியவொளி நிலாவின் மேல் நேராக விழுவதால் அங்குள்ள மேடுபள்ளங்களின் நிழல் நமக்குத் தெரிவதில்லை. மற்ற நாட்களில் அந்த நிழல்கள் வெளிச்சத்தைக் குறைக்கின்றன. ஆனாலும் அந்தப் பத்தில் ஒரு பங்கே மங்கலான விண்மீன்களை மறைக்கப் போதும். எனவே நிலா எவ்வளவு பெரியது என்பதைவிட, எந்த நேரத்தில் அது வானில் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

நிலா நாளுக்குச் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கிறது. தேய்பிறை அஷ்டமியன்று நள்ளிரவில் எழும். அமாவாசைக்கு ஐந்து நாள் முன்பு, சூரியன் உதிப்பதற்கு சுமார் நான்கு மணி நேரம் முன்பு எழும். ஆக, தேய்பிறையின் பின்பாதியில் முன்னிரவு முழுவதும் இருட்டு. வளர்பிறையில் இது தலைகீழாகிவிடும். அமாவாசைக்கு ஐந்து நாள் பின்பு நிலா இரவு பத்து மணியைத் தாண்டியே மறையும். அப்போது பின்னிரவுதான் இருட்டு.

அமாவாசை எப்போதும் சனிக்கிழமையில் வராது. முன் வார இறுதியா, பின் வார இறுதியா என்று தேர்வு செய்ய வேண்டியிருக்கும். பார்க்க விரும்பும் பொருள் எது என்பதைக் கொண்டு இதை முடிவு செய்யலாம். பிள்ளைகளோடு போய், சாப்பாட்டுக்குப் பின் பத்து பதினொரு மணி வரை பார்த்துவிட்டுத் தூங்க வேண்டுமானால் அமாவாசைக்கு முந்தைய வார இறுதி. அதிகாலையில் எழுந்து தெற்கு வானத்தைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் பிந்தைய வார இறுதியும் நல்லதே.

வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் இரண்டு நாட்களைக் குறித்து வைத்துக்கொண்டால் போதும். ஒன்று தை அமாவாசை. மற்றொன்று மகா சிவராத்திரி. சிவராத்திரி எந்த ஆண்டிலும் மாசித் தேய்பிறைச் சதுர்த்தசியில்தான் வரும். அதாவது, மறுநாள் விடியும் தறுவாயில்தான் மெல்லிய கீற்று நிலா எழும். வறண்ட மாதமும் நிலாவற்ற இரவும் அன்று சேர்ந்துவிடுகின்றன. 2027-இல் தை அமாவாசை பிப்ரவரி 6, சனிக்கிழமை. சிவராத்திரி மார்ச் 6, அதுவும் சனிக்கிழமை.

எந்த இடம்?

ஊர் வெளிச்சம் காற்றிலுள்ள தூசியிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறி, வானத்தில் ஒரு கூடாரம்போல நிற்கிறது. 1970களில் மெர்ல் வாக்கர் என்ற வானியலாளர் கலிபோர்னிய நகரங்களின் வெளிச்சத்தை அளந்து ஒரு கணக்கைக் கண்டார். ஊரிலிருந்து இருமடங்கு தள்ளிப் போனால் அதன் வெளிச்சம் பாதியாகக் குறைவதில்லை, ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறைகிறது. மும்மடங்கு தள்ளினால் பதினைந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஒரு லட்சம் பேர் வாழும் ஊர் 20 கிலோமீட்டரில் இருக்கிறது, பத்து லட்சம் பேர் வாழும் நகரம் 60 கிலோமீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாக்கரின் கணக்குப்படி அந்தப் பெருநகரம் தரும் தொல்லை, பக்கத்துச் சிற்றூர் தருவதில் மூன்றில் இரண்டு பங்குதான். பெருநகரத்தை விட்டு வெகுதூரம் வந்துவிட்டோம் என்பதோடு திருப்தி அடையக் கூடாது. அருகில் இருக்கும் தாலுகா தலைநகரத்தையும் பார்க்க வேண்டும். lightpollutionmap.info என்ற தளத்தில் தமிழ்நாட்டைப் பெரிதாக்கினால் எந்த ஊரின் வெளிச்சம் எதுவரை பரவுகிறது என்று வண்ணங்களில் தெரியும்.

மலையின் உயரத்தை மட்டும் நம்புவதும் தவறு. ஏலகிரி காவலூரைவிட உயரம். ஆனால் அதன் அடிவாரத்தை ஒட்டியே ஜோலார்பேட்டை, திருப்பத்தூர், வாணியம்பாடி இருக்கின்றன, மேலேயும் விடுதிகள் நிறைய. காவலூர் சுமார் 725 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அது ஜவ்வாது மலைத் தொடரின் உள்ளே இருப்பதால், சுற்றியுள்ள மேடுகள் பல ஊர்களின் நேர் வெளிச்சத்தைத் தடுத்துவிடுகின்றன.

அடுத்தது திசை. எந்தப் பக்கம் வெளிச்சம் இருந்தால் பரவாயில்லை என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நாம் தேடும் பொருள்கள் தெற்கே தாழ்வாக இருப்பவை. ஆகவே பெரிய ஊர்கள் வடக்கே இருக்கட்டும், தெற்கே காடோ வயலோ கடலோ இருக்கட்டும். ஜவ்வாது மலைக்கு வடமேற்கே வாணியம்பாடி, வடக்கே ஆம்பூர், வடகிழக்கே வேலூர். தெற்கே செங்கம் போன்ற சிறிய ஊர்தான். தென்கிழக்கே திருவண்ணாமலை இருப்பதால் அந்தப் பக்கம் மட்டும் தாழ்வாக ஒரு வெளிறல் தெரியும். ஹான்லேயின் இருட்டு இங்கே இல்லை. ஆனால் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஒரு பகலில் போய்ச் சேரக்கூடிய இடங்களில் தெற்கு வானத்துக்கு இது நல்ல இடம்.

கடைசியாக, தொடுவானம். காவலூரில் தெற்குச் சிலுவை உச்சத்தில் நிற்கும்போதுகூட அதன் நடுப்பகுதி 17 பாகை உயரத்தில்தான் இருக்கும். அடிக்கால் விண்மீன் 14 பாகையில் இருக்கும். கையை முழுதாக நீட்டி முட்டியை மடக்கினால், அதன் அகலம் சுமார் 10 பாகை. ஆக, அடிக்கால் விண்மீன் தொடுவானத்திலிருந்து ஒன்றரை முட்டி உயரத்தில் வரும். தங்கப் போகும் இடத்தில் பகலிலேயே தெற்கு நோக்கி நின்று முட்டியை நீட்டிப் பாருங்கள். எதிர் மேடோ மரமோ ஒரு முட்டிக்கு மேல் மறைத்தால் அது நமக்கு ஏற்ற இடம் அல்ல, கொஞ்சம் நகர வேண்டும். காவலூருக்குப் பதில் கன்னியாகுமரிப் பக்கம் போனால் இந்த உயரம் இன்னும் 4 பாகை கூடும். ஆனால் கடற்காற்றின் ஈரமும் உப்பும் தாழ்வான வானத்தை மங்கலாக்கும் என்பதால் அந்த லாபம் ஓரளவு கழிந்துவிடும்.

ஜவ்வாது மலையில் பெரும்பகுதி வனத்துறைக்கு உட்பட்டது. சாலையோரம் வண்டியை நிறுத்திக் காட்டுக்குள் போவது சட்டப்படியும் தவறு, பாம்பும் கரடியும் உள்ள இடத்தில் ஆபத்தும்கூட. முன்பதிவு செய்த விடுதியின் மொட்டை மாடியோ, உரிமையாளர் அனுமதித்த நிலமோ போதும். வெளி விளக்குகளை இரவில் அணைக்க முடியுமா என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். இருட்டும் முன் மலையேறிவிடுவதும் அவசியம்.

2027 தை அமாவாசை: ஓர் இரவின் கணக்கு

பிப்ரவரி 6 அன்று ஜவ்வாது மலையில் சூரியன் மாலை 6.15-ஐ ஒட்டி மறையும். உடனே இருட்டிவிடாது. சூரியன் தொடுவானத்துக்கு 18 பாகை கீழே போன பிறகுதான் வானம் முழுதாகக் கறுக்கும். அதற்கு இங்கே ஒன்றேகால் மணி நேரம் ஆகும். ஆக, இரவு 7.30. நிலாவைப் பற்றிக் கவலையே இல்லை. அன்றிரவு ஒன்பதரை மணியளவில் நிலா சூரியனுக்கு நேர் முன்னால் இருக்கும். பூமியின் மறுபக்கத்தில் தென் அமெரிக்காவில் அது கங்கண கிரகணமாகத் தெரியும்.

கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும். ஒருமுறை கைபேசித் திரையைப் பார்த்தால் அந்தப் பழக்கம் போய், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மூன்று மடிப்பாகக் கட்டிக்கொள்ளுங்கள். மங்கலான சிவப்பு வெளிச்சம் இருட்டுப் பார்வையை அவ்வளவாகக் கெடுக்காது.

7.30-க்குக் கார்த்திகை உச்சிக்கு அருகே நிற்கும். கிழக்கே மகம் நட்சத்திரத்தின் பக்கத்தில் வியாழனும் செவ்வாயும் ஏறி வரும். அந்த மாதத்தில் இரண்டும் சூரியனுக்கு நேர் எதிரே வருவதால் இரவு முழுவதும் தெரியும். எட்டரை மணி சுமாருக்கு ஒரையன் கூட்டம் உச்சத்தைத் தொடும். அதன் தோளில் செந்நிறமாக இருப்பது திருவாதிரை. ஒன்பதரைக்குத் தெற்கே திரும்பினால் இரண்டரை முட்டி உயரத்தில் அகத்தியர் நட்சத்திரம் நிற்கும். இரவு வானின் விண்மீன்களில் பிரகாசத்தில் இரண்டாவது இது. முதலாவதான சிரியஸ் அதற்கு மேலே எரியும்.

இருட்டு எப்படி இருக்கிறது என்று சோதிக்கப் பூசத்தைப் பாருங்கள். நள்ளிரவை ஒட்டி அது ஏறத்தாழ தலைக்கு நேர் மேலே வரும். நகரத்தில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். நல்ல இருட்டில் அங்கே ஒரு மங்கலான வெண்திட்டு வெறும் கண்ணுக்கே தெரியும். பல நூறு விண்மீன்கள் சேர்ந்த கொத்து அது. ஒரையனுக்குக் கிழக்கே மெல்லிய பால்வீதியும் தெரிந்தால் இடமும் காற்றும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். கார்த்திகையில் ஆறு விண்மீன்களை எண்ண முடிந்து பூசம் மட்டும் தெரியாவிட்டால், வானில் மெல்லிய மேகமோ பனியோ படர்ந்திருக்கலாம். அப்போது தாழ்வான தெற்கு வானத்தில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். 17 பாகை உயரத்தில் பார்க்கும்போது, நேர் மேலே பார்ப்பதைவிட மூன்று மடங்குக்கும் அதிகமான காற்றை ஊடுருவிப் பார்க்கிறோம். மேலே சிறிதாகத் தெரியும் மங்கல் கீழே பெரிதாகிவிடும்.

நள்ளிரவுக்குப் பின் தூங்கி, மூன்று மணிக்கு எழுந்துவிடுங்கள். மூன்றரையைத் தாண்டியதும் தெற்குச் சிலுவை நிமிர்ந்து நிற்கும். நான்கரை மணிக்கு அதன் இடப்பக்கம், மூன்று முட்டி உயரத்தில், ஒமேகா சென்டாரி வரும். சுமார் 17,000 ஒளியாண்டு தொலைவில் ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள் திரண்ட பந்து அது. வெறும் கண்ணுக்குப் பஞ்சு படிந்த ஒரு விண்மீன்போலத் தெரியும். நேராகப் பார்த்தால் மறையும், சற்று ஓரமாகப் பார்த்தால் துலங்கும். மங்கலான ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நட்டநடுவில் இல்லாததுதான் காரணம். சாதாரண பைனாகுலர் இருந்தால் அது உருண்டையான ஒளித்திட்டாகவே தெரியும். சிலுவைக்கு இடப்பக்கம் தாழ்வாக, நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன் தொகுதியான ஆல்பா சென்டாரியும் ஏறி வரும். தென்கிழக்கே கேட்டை செந்நிறத்தில் நிற்க, அதற்குக் கீழே பால்வீதியின் தடித்த நடுப்பகுதி எழும். கிழக்கே விடிவெள்ளி. ஐந்து இருபதுக்குப் பிறகு வானம் வெளுக்கத் தொடங்கும்.

போவதா, தள்ளிப்போடுவதா?

முடிவை முந்தைய நாள் மாலை எடுக்கலாம். வானிலைத் துறையின் mausam.imd.gov.in தளத்தில் இன்சாட் செயற்கைக்கோளின் அகச்சிவப்புப் படங்கள் இரவிலும் கிடைக்கும். அடுத்தடுத்த படங்களைப் பார்த்து மேகம் எந்தத் திசையில் நகர்கிறது என்று கவனியுங்கள். windy.com தளத்தில் தாழ்மேகம், இடைமேகம், உயர்மேகம் என்று தனித்தனியாகப் பார்க்கலாம். மழை முன்னறிவிப்பில் எதுவும் இல்லாவிட்டாலும், உயர்மேகம் பரவலாக இருந்தால் பயணம் வீண். பகலில் சூரியனைச் சுற்றி வளையம் தெரிவதும் அதற்கான அடையாளமே. மூடுபனி இரவு குளிர்ந்த பிறகுதான் இறங்கும். பள்ளத்தில் தங்கியிருந்தால் அதிகாலை மூன்று மணிக்கு ஒன்றும் தெரியாமல் போகலாம், கொஞ்சம் மேட்டில் இருப்பவருக்கு அதே நேரத்தில் வானம் தெளிந்திருக்கும். எனவே அறை எடுக்கும்போதே மேட்டில் இருப்பதாகப் பார்த்து எடுங்கள்.

தை அமாவாசை கைவிட்டுப் போனால் அடுத்து சிவராத்திரி இருக்கிறது. விண்மீன்கள் நாளுக்கு 4 நிமிடம், மாதத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக வரும். மார்ச் 6 இரவில் தெற்குச் சிலுவை இரண்டு மணிக்கு முன்பே உச்சத்துக்கு வந்துவிடும். மே முதல் வாரம் வரை காத்திருந்தால் இரவு பத்து மணிக்கே, பிள்ளைகள் விழித்திருக்கும்போதே தெரியும், ஆனால் அதற்குள் புழுதியும் இடிமேகமும் வந்துவிடும். நேரம் வசதியாக ஆக ஆக வானம் கெட்டுக்கொண்டு போகிறது. இரண்டும் ஓரளவு ஒத்துவரும் இரவு மாசியில்தான் இருக்கிறது. ஊரெல்லாம் விழித்திருக்கும் சிவராத்திரி என்பதால், கோயில் விளக்குகளிலிருந்து விலகிய ஓரிடத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான் பாக்கி.